இன்வெஸ்டர் சம்மதத்தை போர்டு மினிட்ஸில் பதிவது எப்படி: ஒரு கடன் தீர்மானத்தை வைத்து

போன வருடம் எங்கள் கம்பெனிக்காக ஒரு நிதி நிறுவனத்திடம் 1.5 கோடி ரூபாய் கடன் வாங்கினோம். போர்டு மீட்டிங் முறையாக நடந்தது. இன்வெஸ்டர் தரப்பு டைரக்டர் வீடியோவில் இருந்தார், "சரி, செய்யுங்க" என்றார், தீர்மானம் நிறைவேறியது, பணமும் வந்தது. ஒன்பது மாதம் கழித்து அடுத்த முதலீட்டு ரவுண்டு. புது இன்வெஸ்டரின் வக்கீல்கள் பணம் போடும் முன் ஆவணங்களைச் சரிபார்க்க அனுப்பிய டியூ டிலிஜென்ஸ் பட்டியலில் ஒரு வரி இருந்தது: "இந்தக் கடனுக்கு இன்வெஸ்டர்களின் முன் சம்மதம் எங்கே?" தேடிப் பார்த்தோம். இல்லை. அதைச் சரிசெய்ய 23 நாள் ஆனது, வக்கீல் கட்டணம் 60,000 ரூபாய். அதுவரை ரவுண்டு பணம் அப்படியே நின்றது.

நீங்கள் இதில் மாட்டக் கூடாது என்பதற்காக, இப்போது நாங்கள் என்ன வரிசையில் செய்கிறோம் என்று எழுதுகிறேன். இந்தியாவில் பதிவான பிரைவேட் லிமிடெட் கம்பெனி, இன்வெஸ்டர்கள் கையில் சிசிபிஎஸ், அதாவது கட்டாயம் ஈக்விட்டியாக மாற வேண்டிய முன்னுரிமைப் பங்குகள், ஷேர்ஹோல்டர்ஸ் அக்ரிமெண்ட் (இனி எஸ்எச்ஏ) கையெழுத்தாகிவிட்டது. இதுதான் நான் எடுத்துக்கொள்ளும் நிலைமை. உதாரணம் முழுக்க அந்தக் கடன்தான்.

1. எஸ்எச்ஏ-வையும் ஆர்ட்டிகிள்ஸையும் அருகருகே திறந்து வையுங்கள்

எஸ்எச்ஏ-வின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். "ரிசர்வ்ட் மேட்டர்ஸ்" என்றோ "அஃபர்மேட்டிவ் வோட் மேட்டர்ஸ்" என்றோ தலைப்பு இருக்கும். புதுப் பங்கு வெளியிடுவது, ஊழியர்களுக்குப் பங்கு தரும் ஈசாப் திட்டத்தைப் பெரிதாக்குவது, பட்ஜெட்டை மாற்றுவது, ஃபவுண்டர் சம்பளம், சொந்தக்காரர்களோடு வியாபாரம், ஒரு அளவுக்கு மேல் கடன் எல்லாம் அதில் அடங்கும். இவற்றை இன்வெஸ்டர் சம்மதம் இல்லாமல் கம்பெனி செய்யக் கூடாது.

அந்த அட்டவணையை ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு விஷயம் போதும்: என்ன விஷயம், எந்தத் தொகைக்கு மேல், யார் சம்மதம், எந்த வடிவத்தில். எங்கள் எஸ்எச்ஏ-வில் கடன் வரி இப்படி இருந்தது: அங்கீகரித்த பட்ஜெட்டில் இல்லாத கடன், ஒரு நிதியாண்டில் மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் போனால் சம்மதம் தேவை. "மொத்தம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 30 லட்சமாக இரண்டு கடன் வாங்கினால், இரண்டாவது கடன் எல்லையைத் தாண்டிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சின்னக் கடனாகத் தெரியும்.

அப்புறம் இதே பட்டியல் கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸிலும் இருக்கிறதா பாருங்கள். எஸ்எச்ஏ-வில் மட்டும் இருந்த அஃபர்மேட்டிவ் வோட் உரிமை, ஆர்ட்டிகிள்ஸில் இல்லாததால் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் வேர்ல்டு ஃபோன் இந்தியா வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்காக ஃபவுண்டர்கள் அதை ஒரு ஓட்டையாக நினைக்க வேண்டாம். எஸ்எச்ஏ-வில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மீறினால் ஒப்பந்த மீறல் உங்கள் தலையில்தான். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்பெஷல் ரெசல்யூஷன் போட்டு ஆர்ட்டிகிள்ஸைத் திருத்தி, 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் எம்ஜிடி-14 படிவம் தாக்கல் செய்யுங்கள். அதன் அரசுக் கட்டணம் மூலதனத்தைப் பொறுத்து 200 முதல் 600 ரூபாய்தான். தாமதித்தால் அதுவே பன்னிரண்டு மடங்கு வரை ஏறும்.

2. சதவீதம் எதன்மேல் என்று கணக்குப் போடுங்கள்

நாங்கள் தவறியது இங்கேதான். விளக்கமாகவே சொல்கிறேன்.

எங்கள் எஸ்எச்ஏ-வில் "இன்வெஸ்டர் மெஜாரிட்டி" என்பதன் விளக்கம்: சிசிபிஎஸ் பங்குகளில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள். கையெழுத்துப் போட்ட அன்று மொத்தம் 10,000 சிசிபிஎஸ். முதன்மை இன்வெஸ்டரான லீட் ஃபண்டிடம் 6,500, இரண்டாவது ஃபண்டிடம் 2,000, தனிநபர் இன்வெஸ்டர்களான எட்டு ஏஞ்சல்களிடம் சேர்த்து 1,500. லீட் மட்டும் 65 சதவீதம். ஆக லீட் சரி என்றால் போதும். இது எங்கள் மண்டையில் அப்படியே பதிந்துவிட்டது.

பிறகு இரண்டு பெரிய ரவுண்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன பிரிட்ஜ் ரவுண்டு வந்தது. இரண்டாவது ஃபண்ட் 1,500 பங்கு கூடுதலாக எடுத்தது. மொத்தம் 11,500 ஆனது. லீட்டின் 6,500 அப்படியே இருந்தது, ஆனால் சதவீதம் 56.52-க்கு இறங்கிவிட்டது. இப்போது 60 சதவீதம் என்றால் 6,900 பங்கு. லீட்டுக்கு 400 குறைகிறது. யாரும் எதையும் விற்கவில்லை, எந்த உட்பிரிவும் மாறவில்லை. தேவைப்படும் கையெழுத்து மட்டும் மாறியிருந்தது.

எங்கள் ஏஞ்சல்களில் ஒருவரிடம் சரியாக 400 பங்கு இருந்தது. அவரும் லீட்டும் சேர்ந்தால் 6,900, அதாவது மிகச் சரியாக 60 சதவீதம். "60 சதவீதத்துக்குக் குறையாமல்" என்று இருப்பதால் இது செல்லும். "60 சதவீதத்துக்கு மேல்" என்று இருந்திருந்தால் ஒரே ஒரு பங்கில் தோற்றிருப்போம். அதனால் அந்த வார்த்தையை ஷீட்டில் அப்படியே எடுத்து எழுதுங்கள், உங்கள் நடையில் சுருக்காதீர்கள்.

இன்னும் சில கேள்விகளுக்கும் விடை எழுதி வையுங்கள். சதவீதம் சிசிபிஎஸ்-ன் எண்ணிக்கை மேலா, ஈக்விட்டியாக மாற்றினால் வரும் எண்ணிக்கை மேலா? பிரிட்ஜ் ரவுண்டில் வேறு மாற்று விகிதம் இருந்தால் இரண்டு கணக்கும் வேறு வேறு விடை தரும். குறிப்பிட்ட ஒருவர் கட்டாயம் சம்மதிக்க வேண்டும் என்று இருக்கிறதா? சில எஸ்எச்ஏ-வில் மெஜாரிட்டி சேர்ந்தாலும் லீட் இல்லாமல் செல்லாது.

கணக்குக்கு, யாரிடம் எவ்வளவு பங்கு என்று காட்டும் பழைய கேப் டேபிள் ஷீட்டை நம்ப வேண்டாம். உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் போடுங்கள்.

3. சம்மதத்தைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்

"முன் எழுத்துப்பூர்வ சம்மதம்" என்று எஸ்எச்ஏ சொன்னால், முன் என்றால் முன்புதான். கூட்டத்தில் தலையாட்டுவது அதில் சேராது.

இன்வெஸ்டர் நியமித்த நாமினி டைரக்டர் வேறு, இன்வெஸ்டர் வேறு. டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குக் கம்பெனிகள் சட்டம் 166-ஆம் பிரிவின்படி கம்பெனி மேல் கடமை வந்துவிடுகிறது. அவர் அங்கே போடும் ஓட்டு டைரக்டராகப் போடும் ஓட்டு. இன்வெஸ்டர் தருவது பங்குதாரர் என்ற முறையில் ஒப்பந்தப்படி தரும் சம்மதம். சில எஸ்எச்ஏ-வில் மட்டும் "இன்வெஸ்டர் டைரக்டர் போர்டில் ஆதரித்து வாக்களித்தாலும் சம்மதமாகும்" என்று ஒரு வழி திறந்திருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள். எங்களுடையதில் இல்லை. இருக்கிறது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

கோரிக்கைக் கடிதத்தில் எஸ்எச்ஏ-வின் உட்பிரிவு எண், அட்டவணை வரிசை எண், கடன் தருபவர் யார், தொகை, வட்டி, காலம், அடமானம், வரைவு டெர்ம் ஷீட் எல்லாம் இருக்கட்டும். "வொர்க்கிங் கேப்பிட்டல் கடனுக்குச் சம்மதம் தேவை" என்று பொதுவாக எழுதினால், கடைசி நேரத்தில் 1.5 கோடி 1.8 கோடியானதும் அந்தச் சம்மதம் எதற்கு என்ற கேள்வி வரும். "1.5 கோடிக்கு மிகாமல், வட்டி இவ்வளவுக்கு மிகாமல்" என்று உச்சவரம்பு போட்டு வாங்குவது நல்லது.

அனுப்ப வேண்டியது எஸ்எச்ஏ-வின் நோட்டீஸ் பிரிவில் உள்ள மின்னஞ்சலுக்கு. உங்களோடு வாட்ஸ்அப்பில் பேசும் அசோசியேட்டுக்கு அனுப்பினால் எஸ்எச்ஏ-வின்படி நோட்டீஸ் கொடுத்ததாகாது. அவருக்கும் ஒரு பிரதி போடுங்கள், அவ்வளவுதான்.

திரும்பி வரும் கடிதத்தில் கையெழுத்துக்கு மேலே இருக்கும் பெயரைப் பாருங்கள். ஃபண்டுகள் பெரும்பாலும் டிரஸ்டாக இருக்கும். பங்கு டிரஸ்டியின் பெயரிலோ ஃபண்டின் ஒரு திட்டத்தின் பெயரிலோ இருக்கும். கையெழுத்துப் போடுவது மேனேஜர் கம்பெனியின் அதிகாரி. பதிவேட்டில் உள்ள பங்குதாரரின் பெயர் கடிதத்தில் அப்படியே வர வேண்டும். நாங்கள் வாங்கியவை எல்லாம் லெட்டர்ஹெட்டில் வந்தவைதான். ஸ்டாம்ப் பேப்பரை யாரும் கேட்கவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, எங்கள் எஸ்எச்ஏ-வில் இன்வெஸ்டர் பதில் சொல்ல 15 வேலை நாள். அதாவது மூன்று வாரம், நடுவில் பண்டிகை வந்தால் அதற்கும் மேல். பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாமா, மறுப்பு என்று கொள்ளலாமா என்பதும் அதே பிரிவில் இருக்கும். மௌனம் சம்மதம் என்பது பழமொழிக்குச் சரி, எங்கள் எஸ்எச்ஏ-வில் மௌனம் மறுப்பு.

4. நோட்டீஸும் அஜெண்டாவும்

சட்டப்படி போர்டு மீட்டிங்குக்குக் குறைந்தது 7 நாள் நோட்டீஸ். அனுப்பிய நாளும் கூட்டம் நடக்கும் நாளும் இதில் சேராது. அவசரம் என்றால் குறுகிய நோட்டீஸில் கூட்டலாம். ஆனால் அது சட்டத்தின் 7 நாளைத்தான் குறைக்கும், எஸ்எச்ஏ கொடுத்த 15 வேலை நாளைத் தொடாது. நிறைய பேர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அஜெண்டாவில் அந்த வரிக்கு எதிரே "ரிசர்வ்ட் மேட்டர்" என்று வெளிப்படையாகப் போடுங்கள். "தலைவரின் அனுமதியோடு பிற விஷயங்கள்" என்ற கடைசி வரியில் இதை நுழைக்காதீர்கள். பல எஸ்எச்ஏ-க்கள் அஜெண்டாவில் இல்லாத ரிசர்வ்ட் மேட்டரை எடுக்கவே தடை போடும்.

கூட்டம் நடத்தாமல் டைரக்டர்களுக்குச் சுற்றுக்கு விட்டு, சர்குலர் ரெசல்யூஷன் போட்டு முடித்துவிடலாமே என்று தோன்றும். கடன் விஷயத்தில் முடியாது. 179(3) பிரிவு, கடன் வாங்கும் அதிகாரத்தைப் போர்டு கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் செலுத்த வேண்டும் என்கிறது.

5. கூட்டத்தில் முதல் பத்து நிமிடம்

முதலில் குவோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச டைரக்டர் எண்ணிக்கை. சட்டத்துக்கு மொத்த டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அது. எஸ்எச்ஏ-வில் கூடுதலாக "இன்வெஸ்டர் டைரக்டர் இல்லாமல் குவோரம் இல்லை" என்று இருக்கும். அவர் வராவிட்டால் ஒத்திவைத்து, அடுத்த கூட்டத்தில் அவர் இல்லாமலே நடத்தலாம் என்றும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அந்த ஒத்திவைத்த கூட்டத்திலும் ரிசர்வ்ட் மேட்டரை எடுக்கலாமா என்பது தனிக் கேள்வி, எங்கள் எஸ்எச்ஏ "கூடாது" என்கிறது.

வீடியோவில் வருபவர்கள் ரோல் கால் சமயத்தில் தங்கள் பெயர், இருக்கும் இடம், அஜெண்டா தாள்கள் கிடைத்தன என்பது, அறையில் வேறு யாரும் கேட்கவில்லை என்பது எல்லாம் சொல்ல வேண்டும். சடங்கு மாதிரித் தெரிந்தாலும் இவை மினிட்ஸில் ஏற வேண்டியவை.

இரண்டாவது ஃபண்டிலிருந்து எங்களுக்கு ஓர் அப்சர்வர் வருவார். அவர் பேசலாம். அவருக்கு ஓட்டு இல்லை, குவோரத்திலும் சேர மாட்டார். ஒருமுறை எங்கள் வரைவு மினிட்ஸில் "அனைவரும் ஒருமனதாக ஏற்றனர்" என்று எழுதி, வந்தவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் டைரக்டர்களோடு சேர்த்துவிட்டோம். அவரது ஃபண்டின் சட்டப் பிரிவிலிருந்து அன்று மாலையே மின்னஞ்சல் வந்தது.

6. மினிட்ஸில் எழுதும் வாசகம்

எங்கள் பழைய மினிட்ஸில் இருந்தது இதுதான்: "இன்வெஸ்டர்களின் ஒப்புதலை போர்டு குறித்துக்கொண்டது." எந்த இன்வெஸ்டர், எவ்வளவு பங்கு, எந்தத் தேதி, எந்தப் பிரிவு, ஒன்றும் இல்லை. டியூ டிலிஜென்ஸில் இந்த வரி எங்களைக் காப்பாற்றவில்லை. இல்லாத கடிதத்தை இருப்பதாகச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது, அது இன்னும் மோசம்.

இப்போது இப்படி எழுதுகிறோம். அந்தக் கடனுக்கே முறையாகச் சம்மதம் வாங்கியிருந்தால் வாசகம் இப்படி இருந்திருக்கும். அசல் ஆங்கிலத்தில் இருக்கும், பொருள் இது:

> தலைவர், இந்தக் கடன் எஸ்எச்ஏ 4-ஆம் அட்டவணை, வரிசை எண் 7-இன் கீழ் ரிசர்வ்ட் மேட்டர் என்று தெரிவித்தார். மொத்தம் 11,500 சிசிபிஎஸ்-இல் 6,900 (60 சதவீதம்) வைத்திருக்கும் பங்குதாரர்களின் எழுத்துப்பூர்வ முன் சம்மதம் ஜூன் 9, ஜூன் 11 தேதியிட்ட இரண்டு கடிதங்கள் மூலம் பெறப்பட்டிருப்பதாகவும், இது இன்வெஸ்டர் மெஜாரிட்டியை நிறைவுசெய்வதாகவும் கூறி, கடிதங்களைக் கூட்டத்தில் வைத்தார். பிறகு போர்டு, 1.5 கோடி ரூபாய்க்கு மிகாமல் கடன் பெறுவதை அங்கீகரித்தது. இன்வெஸ்டர் டைரக்டர் ஆதரித்து வாக்களித்தார். மறுப்பு யாரும் தெரிவிக்கவில்லை.

சம்மதம் ஒரு வாக்கியம், போர்டின் தீர்மானம் வேறு வாக்கியம், டைரக்டரின் ஓட்டு மூன்றாவது. மூன்றையும் ஒட்டிவிடாதீர்கள். இன்வெஸ்டர் டைரக்டர் எதிர்த்தாலோ ஒதுங்கிக்கொண்டாலோ அவர் பெயரைப் போட்டு எழுத வேண்டும். 118-ஆம் பிரிவு கேட்பது அது. இன்வெஸ்டர் நிபந்தனை போட்டிருந்தால், உதாரணமாக "ஃபவுண்டர் தனிப்பட்ட ஜாமீன் தரக் கூடாது" என்றால், அதையும் அப்படியே தீர்மானத்தில் சேருங்கள்.

வரைவு மினிட்ஸ் கூட்டம் முடிந்து 15 நாளுக்குள் எல்லா டைரக்டர்களுக்கும் போக வேண்டும். அவர்கள் திருத்தம் சொல்ல 7 நாள். 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். மினிட்ஸ் விதிகளைத் தவறினால் கம்பெனிக்கு 25,000 ரூபாய், பொறுப்பான ஒவ்வொரு அதிகாரிக்கும் 5,000 ரூபாய் அபராதம். நாங்கள் மூன்றாம் நாளே வரைவை அனுப்பிவிடுகிறோம். ஞாபகம் சூடாக இருக்கும்போது திருத்தம் குறைவாக வருகிறது.

7. கூட்டத்துக்குப் பிறகு

கடன் தருபவர் தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கேட்பார். அவர் இன்வெஸ்டர் சம்மதத்தைக் கேட்காமலே பணம் கொடுத்துவிடலாம். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. அதனால் பணம் வந்ததை வைத்து எல்லாம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். அடமானம் இருந்தால் அதைப் பதிவுசெய்ய 30 நாளுக்குள் சிஎச்ஜி-1 படிவம் தாக்கல் உண்டு.

ஒவ்வொரு ரிசர்வ்ட் மேட்டருக்கும் ஒரு ஃபோல்டர் வையுங்கள்: கோரிக்கை மின்னஞ்சல், வந்த கடிதங்கள், அன்றைய தேதிக்கான பங்கு எண்ணிக்கைக் கணக்கு, நோட்டீஸ், கையெழுத்தான மினிட்ஸ். அந்தக் கணக்குத் தாளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ரவுண்டு கழித்து அன்று யாரிடம் எவ்வளவு இருந்தது என்று திரும்பக் கட்டுவது பெரிய வேலை.

8. ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால்

பழைய தேதி போட்டுக் கடிதம் வாங்காதீர்கள். ஒருவர் எங்களிடம் இதைத்தான் சுலப வழி என்று சொன்னார். மின்னஞ்சல்களின் தேதியும் கையெழுத்துச் செயலியின் பதிவும் காட்டிக்கொடுத்துவிடும், அதோடு ஒரு கவனக்குறைவு பொய் ஆவணமாக மாறிவிடும்.

இன்றைய தேதியில் ஒரு கடிதம் போதும். நடந்தது என்ன, எந்தப் பிரிவின் கீழ் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், அது வாங்கப்படவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். இப்போது அந்தக் கடனைப் பின்னேற்பு செய்கிறோம், மீறலால் வரும் உரிமைகளை விட்டுக்கொடுக்கிறோம் என்று அதில் இரண்டும் இருக்க வேண்டும். அடுத்த போர்டு கூட்டத்தில் அதை வைத்துப் பதிவுசெய்யுங்கள். பழைய மினிட்ஸில் கை வைக்கக் கூடாது. அந்தத் தவறான வரியைச் சுட்டி, புதுக் கூட்டத்தின் மினிட்ஸில் விளக்கம் எழுதுங்கள்.

இதில் எங்களுக்கு நேரம் போனது ஒரே காரணத்தால். சம்மதம் கேட்டிருந்தால் 60 சதவீதம் போதும், லீட்டும் ஓர் ஏஞ்சலும் கையெழுத்திட்டால் முடிந்திருக்கும். ஆனால் மீறலை விட்டுக்கொடுக்கும் உரிமை எஸ்எச்ஏ-வில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருந்தது, ஒருவர் விட்டுக்கொடுத்தால் அது இன்னொருவரைக் கட்டாது. புது இன்வெஸ்டரின் வக்கீல்கள் பத்துப் பேரின் கையெழுத்தையும் கேட்டார்கள். ஒன்பது பேருடையது முதல் பத்து நாளில் வந்துவிட்டது. கடைசியாக வந்தது 50 பங்கு வைத்திருந்த ஏஞ்சலுடையது. கடிதம் அவருடைய ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்திருக்கிறது.